கொசுவின் முதல் சம்பளமும் தெருவில் நின்ற சோபாவும்

இரத்தம் எடுக்கிறவளுக்குக் ‘கொசு’ என்று பெயர் வைக்கப் பெரிய மூளை ஒன்றும் தேவையில்லை. பரிசோதனைக் கூடத்தில் பில் போடுகிறவருக்கு அந்த அளவு மூளை இருந்தது. அவள் வேலையில் சேர்ந்த இரண்டாம் நாளே வைத்துவிட்டார். அன்றைக்கு முறைத்தாள். மறுநாள் அவர் கவுண்டரிலிருந்து, “கொசு, அடுத்த ஆளை அனுப்பவா?” என்று கேட்டபோது, கை வேலையாக இருந்ததால், “அனுப்புங்க” என்று சொல்லிவிட்டாள். அத்தோடு முடிந்தது. ஒரு பெயருக்கு ஒருமுறை பதில் சொல்லிவிட்டால் அப்புறம் அது நம்முடைய பெயர்தான்.

வயது இருபத்திரண்டு. ஒல்லி. ஆனால் கை அப்படி ஒரு கை. நரம்பே தெரியாத பருமனான ஆட்கள் வந்து உட்கார்ந்தாலும், விரல் நுனியால் இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சரியாகக் குத்துவாள். குழந்தைகளுக்கு ஊசி போய்வந்த பிறகுதான் அழுகையே வரும், அதுவும் கடமைக்காக. இது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வித்தை. பணக் கணக்கு வராது. அதற்கு ஒரு பரம்பரைக் காரணமும் உண்டு: அப்பா.

அப்பா டயர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார். ஓர் ஆணி குத்தியிருந்தால் மூன்று ஓட்டை என்பார். எதையும் மூன்றால் பெருக்குவது அவருக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். மகளுக்கு மாதம் இருபத்து நாலாயிரம் சம்பளம் என்று வேலைக் கடிதம் வந்த அன்று, அதைக் கடையில் நின்று, டியூபை மாற்றக் காத்திருந்த ஒரு லாரி டிரைவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் பால் வாங்கப் போன அம்மாவிடம், “முப்பதாமே?” என்று கேட்டார்கள். அம்மா மறுக்கவில்லை. கிடைக்கிற மரியாதையைக் கழித்துச் சொல்ல அவளுக்கு என்ன வேண்டுதலா?

வேலை வேறு ஊரில். மூன்று மணி நேர பஸ். அங்கே இரண்டாம் மாடியில் ஓர் அறை. மூன்று இரும்புக் கட்டில், ஒரே ஒரு பிளக், திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டும் ஜன்னல். ஏற்கெனவே இருவர் இருந்தார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ். எப்போதும் இராத்திரி ஷிஃப்ட் என்பதால் பகலெல்லாம் தலையோடு கால் போர்த்துத் தூங்குவாள். முதல் இரண்டு வாரம் அவள் முகத்தையே கொசு பார்க்கவில்லை. ‘போர்வை’ என்றே அழைத்தாள். இன்னொருத்தி சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்காருகிறவள். மூன்று பேர் வாடகையையும் வசூலித்து ஐந்தாம் தேதி வீட்டுக்காரரிடம் கட்டுவது அவள் பொறுப்பு. அதனால் ‘கலெக்டர்’. பார்வையும் அந்தப் பதவிக்குப் பொருத்தமாகவே இருக்கும்.

தலைக்கு வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு. கரண்டும் தண்ணீரும் சேர்த்து ஓர் ஐந்நூறு. ஆக ஆறாயிரம். இருபத்து நாலில் ஆறு போனால் பதினெட்டு. பதினெட்டாயிரம்! கட்டிலில் படுத்தபடி அந்தப் பதினெட்டாயிரத்தைத் தினமும் ஒவ்வொரு விதமாகச் செலவு செய்து பார்த்தாள் கொசு. ஒருநாள் புதுச் செருப்பு. ஒருநாள் தம்பிக்கு ஃபோன். ஒருநாள் அறைக்கு இன்னொரு பிளக்.

மாதக் கடைசி நாள் மத்தியானம் ஃபோன் ‘டிங்’ என்றது. திறந்தாள். பதினாலாயிரத்து நூற்று எண்பது.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை கேள்விப்பட்டிருக்கிறாள். தன் கணக்கிலேயே அது நடக்கும் என்று நினைக்கவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். கூடத்தில் கணக்கு பார்க்கும் பெண்மணி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, எலுமிச்சை சாதத் தட்டு வைக்கக்கூட இடமில்லாதபடி பரப்பிய கணக்குத் தாள்களுக்கு நடுவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மேடம், என் சம்பளம் தப்பா வந்திருக்கு.”

“தப்பா வந்தா அதிகமா வரணும். அதிகமாவா வந்திருக்கு?”

“இல்ல, கம்மி.”

“அப்போ சரியாத்தான் இருக்கும். உக்காரு.” அவர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். “நீ என்னைக்குச் சேந்தே?”

“பத்தாம் தேதி.”

“முப்பது நாள் மாசம். பத்துலேருந்து முப்பது வரைக்கும் இருபத்தோரு நாள். இருபத்தி நாலாயிரத்தை முப்பதால வகுத்தா ஒரு நாளைக்கு எண்ணூறு. இருபத்தொன்னால பெருக்கு.”

கொசு விரலை மடக்கினாள். அவரே சொல்லிவிட்டார்: “பதினாறாயிரத்தி எண்ணூறு. அதுல சேமநல நிதிக்கு ஆயிரத்தி இருநூத்தி அறுபது. அது உன் பேர்லதான் சேருது, எவனும் தின்னலை. மருத்துவக் காப்பீடு முந்நூத்தி அறுபது. அது நீ ஒரு நாள் வந்தாலும் முழுசாத்தான். ரெண்டு வெள்ளைக் கோட்டு, ஆயிரம்.”

“கோட்டுக்குமா காசு?”

“கோட்டு இல்லாம ஊசியோட நின்னா போலீஸைக் கூப்பிடுவாங்கம்மா. அடுத்த மாசம் முழுச் சம்பளம். ஆனா முழுசுன்னா இருபத்தி நாலு இல்ல. நிதிக்கு ஆயிரத்தி எண்ணூறும் காப்பீடும் போக இருபத்தோராயிரத்தி எண்ணூத்தி நாப்பது. அதை மனசுல வெச்சுக்கோ. கடிதத்துல இருக்கிறது பேருக்கு. கைக்கு வர்றதுதான் சோறுக்கு.”

இதைக் கேட்டுப் படியிறங்கியவள் நேரே வீட்டுக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் பாதிப் படியில் அப்பா ஃபோன் செய்தார். பின்னால் கம்பிரசர் இரைச்சல். அதையும் தாண்டி நாலைந்து பேர் பேசும் சத்தம். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்.

“என்னம்மா, இருபத்தி நாலும் வந்துடுச்சா?”

கடைக்காரர்கள், டிரைவர்கள், சும்மா வந்து நிற்கிறவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது அவளுக்கு இங்கிருந்தே கேட்டது.

“வந்துடுச்சுப்பா.”

“பாத்தீங்களா!” என்றார் அப்பா, அங்கே இருந்தவர்களிடம். “வீட்டுக்கு எவ்வளவும்மா அனுப்புறே?”

வாய்க்கும் மூளைக்கும் நடுவே ஒரு வாயிற்காவலன் இருப்பான் என்பார்கள். அன்றைக்கு அவன் விடுப்பு. “பத்து அனுப்புறேன்பா” என்றாள். சொன்னது மட்டுமல்ல, மனசு மாறுவதற்குள் அனுப்பியும் விட்டாள்.

மீதி நாலாயிரத்து நூற்று எண்பது. வாடகை ஆறாயிரம். சாப்பாடு, பஸ், ஒரு மாதம் முழுக்க.

மூன்றாம் தேதி காலையில் கலெக்டர் கையை நீட்டினாள். கொசு தலையைச் சொறிந்தாள். நடந்ததைச் சொன்னாள். போர்வைக்குள்ளிருந்துகூட ஒரு முனகல் வந்தது.

“பதினாலு வாங்கிட்டுப் பத்து அனுப்பினியா?” என்றாள் கலெக்டர். “அது வீட்டுக்கு அனுப்புற காசாடி? அந்த வீட்டுல பொறந்ததுக்குக் கட்டுற அபராதம் மாதிரி இருக்கு.”

“அப்பா எல்லார் முன்னாடியும் கேட்டாரு.”

“எல்லார் முன்னாடியும் கிட்னியைக் கேட்டா குடுப்பியா?”

அந்த வாரம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது.

கலெக்டர் திட்டிவிட்டு விட்டுவிடுகிற சாதி அல்ல, கணக்கையும் முடித்தாள். “நீ மூவாயிரம் குடு. மூவாயிரம் நான் போடுறேன். அடுத்த சம்பளம் வந்த அன்னைக்கே என் கைக்கு வரணும். ஒரு நாள் தள்ளினா உன் கட்டில்லதான் என் ஈரத்துணி காயும்.”

மீதம் ஆயிரத்து நூற்று எண்பது ஆனது. காலையில் பஸ்ஸில் போனாள். சாயங்காலம் நடந்தே வந்தாள், ஐம்பது நிமிடம். ரொட்டி, முட்டை, வாழைப்பழம். சில நாள் வாழைப்பழம், முட்டை, ரொட்டி. எடுத்த இரத்தத்துக்கு ஈடாக அவளுக்கே கொஞ்சம் ஏற்ற வேண்டும் போல ஆகிவிட்டாள் என்று பில் கவுண்டர்க்காரர் சொன்னார். கூடத்தில், நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே காலையில் போய் இரத்தம் எடுத்து வருகிற வேலை ஒன்று உண்டு. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்பதால் ஆறு மணிக்கே போயாக வேண்டும். அதனால் யாரும் சீந்த மாட்டார்கள். ஒரு வீட்டுக்கு நூறு, வாரக் கடைசியில் கையில். கொசு போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த மாதம் இருபத்து நாலு வீடு. இரண்டாயிரத்து நானூறு. அதுதான் அவளை மாதக் கடைசிவரை இழுத்துப்போனது.

நடந்து வருகிற அந்த ஐம்பது நிமிடத்தில்தான் அவளுக்கு முதன்முதலாகக் கணக்கு வர ஆரம்பித்தது. கால் வலித்தால் எல்லாருக்கும் வரும்.

அவள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரே ஊசியில் நாலு குழாய் நிரப்ப வேண்டியிருக்கும். நீல மூடி, சிவப்பு மூடி, ஊதா, சாம்பல். எதை முதலில் எடுப்பது என்று வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு மருந்து. ஊதாவை முதலில் எடுத்துவிட்டால் அதிலிருக்கிற மருந்து ஒட்டிக்கொண்டு போய்ச் சிவப்புக் குழாயின் முடிவைக் கெடுக்கும். இரத்தம் அதே இரத்தம்தான். வரிசை மாறினால் இல்லாத நோய் எல்லாம் இருப்பதாகக் காட்டும். பதினாலாயிரம் குறைவான பணம்தான். ஆனாலும் வீட்டுக்குப் பத்தை முதலில் எடுக்காமல் இருந்திருந்தால் இப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கலாம் என்பது அவளுக்கு மூன்றாவது சந்திப்பு முனையில் புரிந்தது.

அறைக்கு வந்ததும் வீணான ஒரு பரிசோதனைப் படிவத்தின் பின்பக்கம் எழுதினாள். வரும் மாதம் கைக்கு வரப்போவது இருபத்தோராயிரத்து எண்ணூற்று நாற்பது. முதலில் வாடகையும் கரண்டும், ஆறாயிரம். அடுத்து சேமிப்பு, மூவாயிரம். அப்புறம் வீட்டுக்கு. வீட்டுக்கு எவ்வளவு என்ற இடத்தில் பேனா நின்றது. கீழே மளிகை, சாப்பாடு நாலாயிரம், பஸ் ஆயிரம், ஃபோன், சோப்பு, மற்ற சில்லறை எண்ணூறு என்று போட்டுக் கூட்டினாள். பதினாலாயிரத்து எண்ணூறு. கழித்தால் ஏழாயிரத்து நாற்பது. அதில் கண்டது கடியதுக்கு ஓர் ஆயிரத்து நாற்பதை விட்டுவிட்டால் ஆறாயிரம் வீட்டுக்கு.

எட்டிப் பார்த்த கலெக்டர், “சேமிப்பை எதுக்குடி வீட்டுக்கு முன்னாடி போட்டே? மாசக் கடைசியில மிஞ்சுறதைச் சேத்தா போதாதா?” என்றாள்.

“உனக்கு என்னைக்காவது மிஞ்சியிருக்கா?”

கலெக்டர் யோசித்தாள். “இல்ல” என்றாள். போய்ப் படுத்துக்கொண்டாள்.

இப்போது இந்த ஆறாயிரத்தை எப்படி வீட்டில் சொல்வது என்று கொசு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு மத்தியானம் அம்மாவின் ஃபோன் வந்தது.

“அடியே, சோபா வந்திருக்கு.”

“யாரு?”

“யாரு இல்லடி, சோபா. உக்காருற சோபா. உங்கப்பா வாங்கியிருக்காரு. இப்போ தெருவுல நிக்குது.”

“ஏன் தெருவுல நிக்குது?”

“உள்ள வரமாட்டேங்குது.”

விஷயம் இதுதான். கொசு அனுப்பிய பத்தாயிரத்தை அப்பா ஒரு ஃபர்னிச்சர் கடையில் முன்பணமாகக் கட்டியிருந்தார். சோபாவின் விலை நாற்பத்தாறாயிரம். மீதி முப்பத்தாறாயிரத்தை, வட்டியும் சேர்த்து மாதம் மூவாயிரத்து இருநூறாகப் பன்னிரண்டு தவணை. ‘ட’ எழுத்து மாதிரி வளைந்த சோபா. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். அவர்கள் வீட்டில் இருந்ததே, கொசு ஊருக்குப் போன பிறகு, மூன்று பேர். வீட்டு வாசல் இரண்டரை அடி அகலம். சோபாவை நேராக, குப்புற, பக்கவாட்டில், செங்குத்தாக எல்லாம் நுழைத்துப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த ஆட்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொசு முதல் பஸ் பிடித்தாள். தெருமுனையிலிருந்தே சோபா தெரிந்தது. வீட்டுச் சுவரோரம், பிளாஸ்டிக் உறை கிழிந்து, மேலே ஒரு தார்ப்பாயோடு. நடுவில் அப்பா உட்கார்ந்திருந்தார். வளைவில் தம்பி காலை நீட்டிப் படுத்திருந்தான். எதிர்வீட்டு அக்கா ஒரு முனையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு பூனை வேறு.

“வாம்மா, உக்காரு. மெத்து மெத்துன்னு இருக்கு” என்றார் அப்பா.

உட்கார்ந்தாள். உண்மையிலேயே மெத்து மெத்தென்றுதான் இருந்தது. கோபப்பட வந்தவளுக்கு அதுவே இடைஞ்சலாக இருந்தது; முதுகைச் சாய்த்துக்கொண்டு சண்டை போட வராது.

“தவணையை யாருப்பா கட்டறது?”

“என்ன கேள்வி? நீதான் மாசாமாசம் பத்து அனுப்புவியே. அதுல மூணே கால்கூட இல்ல. மீதி வீட்டுக்கு.”

“மாசாமாசம் பத்துன்னு நான் எப்போ சொன்னேன்?”

“முத மாசமே பத்து அனுப்பினா, அப்புறம் கூடத்தானே செய்யும்?” என்றார் எதிர்வீட்டு அக்கா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவரை யாரும் கேட்கவில்லை.

கொசு ஃபோனை எடுத்தாள். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைத் திறந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் கையைத் தூர நீட்டிப் படித்தார். பக்கத்தில் இழுத்துப் படித்தார். பிறகு தம்பியிடம் கொடுத்தார். தம்பி சத்தமாக, “பதினாலாயிரத்து நூத்தி எம்பது” என்று வாசித்தான். எதிர்வீட்டு அக்காவின் கை கீரையில் நின்றது.

“இது என்ன, பாதிச் சம்பளமா?” என்றார் அப்பா.

“இதான்பா சம்பளம். பத்தாம் தேதி சேந்தேன், அதுக்கு மேல பிடித்தம். அடுத்த மாசம் இருபத்தொன்னே முக்கால் வரும். இருபத்தி நாலு எப்பவும் வராது.”

“பின்னே ஃபோன்ல வந்துடுச்சுன்னே?”

“நீங்க ஸ்பீக்கர்ல போட்டிருந்தீங்க.”

வாசலில் வந்து நின்ற அம்மாதான் கேட்டாள்: “பதினாலுல பத்தை அனுப்பிட்டு நீ எப்படிடி இருந்தே?”

“சாயங்காலம் நடந்து வருவேன். வாடகைக்குக் கூட இருக்கிறவ போட்டா. காலையில வீடு வீடாப் போய் எடுத்தேன்.”

“என்ன சாப்பிட்டே?”

“முட்டை.”

“முட்டையோட?”

“முட்டைதான்மா.”

அம்மா உள்ளே போய்விட்டாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக உருண்டன. அது அப்பாவுக்கான செய்தி என்பது தெருவுக்கே தெரியும்.

அப்பா தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார். “கடைக்கு வந்த ஒருத்தன் கேட்டான்மா. பொண்ணுக்கு இவ்வளவு சம்பளம், நாளைக்கு நாலு பேர் பெரிய இடத்துலேருந்து பேச வந்தா எங்கே உக்கார வைப்பேன்னு. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு.”

“யாரு வர்றாங்க?”

“யாரும் வரலை.”

“வந்தாலும் வாசல்லதான் உக்காரணும்” என்றான் தம்பி. அப்பா அவன் முதுகில் ஒன்று வைத்தார். வலிக்கவில்லை, சோபா வாங்கிக்கொண்டது.

கொசு கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். பின்பக்கத்தைத் திருப்பித் தொடையில் வைத்தாள். “அப்பா, நான் பத்து அனுப்ப முடியாது. எவ்வளவு முடியும்னு எழுதியிருக்கேன். ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். வீட்டுக்கு நிஜமாவே எவ்வளவு வேணும்? தோராயமா வேண்டாம்.”

“ஏன், வீட்டுக்குக் குடுக்கக் கணக்கு கேப்பியா?” அப்பாவுக்குக் கொஞ்சம் சுருதி திரும்பியது. “உன்னை வளத்ததுக்கு நாங்க கணக்கு வெச்சோமா?”

“வெச்சிருந்தா சோபா வாங்கியிருக்க மாட்டீங்க.”

எதிர்வீட்டு அக்கா சிரிப்பை அடக்கக் கீரையைக் கீழே கொட்டினார். அப்பாவும் ஒரு கணம் உதட்டைக் கடித்தார். சிரித்தாரா கோபப்பட்டாரா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் அவர் முகம் ஒரே மாதிரிதான் கோணும்.

கணக்கைச் சொன்னது அம்மா. உள்ளேயிருந்து கரண்டியோடு வந்து, வாசற்படியில் நின்றபடி, ஒரு தாளையும் பார்க்காமல் கடகடவென்று சொன்னாள். “கடை வருமானத்துல அரிசி பருப்பும் வீட்டு வாடகையும் ஓடிடும். இடிக்கிறது மூணு இடம். இவன் வயரிங் படிக்கிற இடத்துக்கு மாசம் ரெண்டாயிரம். உங்கப்பாவுக்குச் சக்கரை மாத்திரை ஆயிரத்தி நூறு. கரண்டும் கேஸும் ஆயிரத்தி தொள்ளாயிரம். இதுக்குத்தான் மாசாமாசம் யார்கிட்டயாவது போய் நிக்கிறேன்.”

தம்பி கூட்டினான். “அஞ்சாயிரம்.”

“ஆறு அனுப்புறேன்” என்றாள் கொசு.

“அந்த ஆயிரம் எதுக்கு?” என்றார் அப்பா.

“அம்மாவுக்கு. எதுக்குன்னு யாரும் கேக்கக் கூடாது. நானும் கேக்க மாட்டேன்.”

அம்மா கரண்டியைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடத்தில் யாரும் கேட்கக்கூடாத ஒரு காசு அவள் கைக்கு வந்ததில்லை. “சரி, அழுவாம சாப்பிட வா” என்றாள். அழுதது யார் என்று சொல்லவில்லை.

“மூவாயிரம் உன் பேர்ல சேத்து வெக்கிறியே, அதைக் கொஞ்ச நாள் சோபாவுக்குத் திருப்பக் கூடாதா?” அப்பா படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியாக ஒரு கல் எறிந்து பார்த்தார். “பன்னெண்டு மாசம்தானே.”

“கூடாதுப்பா. நாளைக்கு எனக்கே காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தா அந்த மாசம் உங்களுக்கு ஆறு எங்கேருந்து வரும்? சோபாவை வித்தா?”

“அப்போ சோபாவுக்கு?”

“அது உங்க சோபா.”

மத்தியானம் அப்பாவும் அவளும் ஃபர்னிச்சர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மரியாதையாகவே பேசினார். உறை கிழியாமல் மூன்று நாளுக்குள் கொண்டு வந்திருந்தால் வண்டிக்கூலி மட்டும் கழித்துக்கொண்டு எடுத்திருப்பாராம். இப்போது ஐந்து நாள். “பூனை முடி வேற இருக்குமே, சார்?” என்றார், எப்படித் தெரிந்ததோ. ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். அந்த வரி அங்கே இருந்தது, அப்பாவின் கையெழுத்துக்கு மேலேயே, எறும்பு எழுத்தில். திரும்பி வரும்போது அப்பா, “ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க. நான் வாசலைக்கூட அளக்கல” என்றார். அவர் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டு கொசு கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டு வாசல் இரண்டரை அடி. ஆனால் கடை ஷட்டர் எட்டடி. அன்று சாயங்காலமே தெரு ஆட்கள் ஆறு பேர் தூக்க, சோபா பஞ்சர் கடைக்குள் போய்விட்டது. பழைய டயர் அடுக்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ராஜா மாதிரி உட்கார்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, அதனால் வியாபாரம் கூடியது. லாரி டிரைவர்கள் சின்ன பஞ்சருக்குக்கூட அங்கே வண்டியை நிறுத்தினார்கள். ஒட்டி முடிப்பதற்குள் ஒரு தூக்கம் போடலாமே. அதற்காகத் தவணை முழுக்கச் சோபாவே சம்பாதித்துக் கட்டியது என்று நினைத்துவிட வேண்டாம். நாலாவது மாதம் அப்பா தவணை தவறி, இருநூறு அபராதம் கட்டினார். அந்த மாதம் பீடியை விட்டதாகவும் பிறகு திரும்பப் பிடித்ததாகவும் தம்பி சொன்னான். ஆனால் அதற்காகக் கொசுவுக்கு ஃபோன் வரவில்லை.

இரண்டாம் மாதச் சம்பளம் சொன்னபடியே இருபத்தோராயிரத்து எண்ணூற்று நாற்பது வந்தது. வாடகை ஆறாயிரத்தோடு கலெக்டரின் மூவாயிரத்தையும் அன்றைக்கே அவள் கையில் வைத்தாள். வீட்டுக்கு ஆறு போனது. சேமிப்புக்கு அந்த மாதம் ஒன்றும் இல்லை. கடன் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் மாதத்திலிருந்துதான் சேர்த்தாள். வேறொரு வங்கியில் கணக்கு திறந்து, ஒன்றாம் தேதியே மூவாயிரம் தானாக அங்கே போகும்படி எழுதிக் கொடுத்தாள். அந்தக் கணக்குக்கு அட்டை வாங்கவில்லை. எடுக்க வேண்டுமென்றால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். தன் நல்ல புத்தியைவிடத் தன் சோம்பேறித்தனத்தை நம்பலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எல்லா மாதமும் ஒழுங்காகப் போனது என்றும் இல்லை. ஐந்தாம் மாதம் செருப்பு அறுந்தது, கூடவே கலெக்டரின் பிறந்தநாள் வந்தது. பத்தாம் தேதியே கண்டது கடியதுக்கான காசு காலி. இருபதாம் தேதி சாப்பாட்டுக் காசும் இளைத்தது. அந்த மாதமும் நடந்தாள். ஆனால் ஒன்று: வாடகை கட்டியாகிவிட்டது, வீட்டுக்குப் போயாகிவிட்டது, மூவாயிரம் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. நடந்தது வெறும் நடை. பயமில்லாத நடை என்று சொல்லலாம்.

எட்டாம் மாதம் அவளுக்குப் பல் வலி வந்தது. ஊசி பிடிக்கிற கைக்கு ஊசி என்றால் பயம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று நாள் கிராம்பை வைத்து ஏமாற்றினாள். நாலாம் நாள் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட, இரத்தம் கொடுக்க வந்த ஒரு பெரியவர், “நீ மொதல்ல போய்க் காட்டும்மா, நான் காத்திருக்கேன்” என்றார். பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேர் வரைக்கும் போயிருக்கிறது, சுத்தம் பண்ணி மூடி போட ஏழாயிரத்து ஐந்நூறு ஆகும் என்றார். வரவேற்பில் இருந்த பெண், “தவணையில கட்டறீங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல. நாளைக்கு முழுசா.”

மறுநாள் காலை வங்கியில் நாற்பது நிமிடம் வரிசையில் நின்றாள். கணக்கில் பதினெட்டாயிரத்துச் சொச்சம் இருந்தது. ஏழரையை எடுத்தாள். நிலம், நகை, வெளிநாட்டுப் பயணம் என்று என்னென்னவோ ஆகப்போகிற பணம் என்று அவ்வப்போது நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு கடைவாய்ப் பல்லுக்குள் போய் மறைந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த மாதமும் அடுத்த மாதமும் வீட்டுக்கு ஆறு ஆறாகவே போனது.

சிகிச்சை முடிந்து பாதி வாய் மரத்துப்போய் வெளியே வந்தபோது அம்மாவின் ஃபோன்.

“என்னடி பண்றே?”

“பழ்ழு புடுங்காம காப்பாத்திட்டாங்கம்மா” என்று சொல்ல முயன்றாள். நாக்கு வேறு எங்கோ போய் இடித்தது.

மறுமுனையில் அம்மா குரலைத் தாழ்த்தி, “அடிப்பாவி, பட்டப்பகல்லயா குடிச்சிருக்கே?” என்றாள்.

கொசு நடைபாதையில் நின்று பாதி வாயால் சிரித்தாள். எச்சில் ஒழுகியது. துடைத்துக்கொண்டு, இன்னொரு முறை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.